உடைந்த கண்ணாடி சொல்லும் சாட்சி

2020 ஜூனில் கேரளத்தின் பெரும்பாவூரில், வங்கிக் கிளையிலிருந்து அவசரமாக வெளியே ஓடிய ஒரு பெண் மூடியிருந்த கண்ணாடிக் கதவில் மோதினார். கதவு உடைந்து, சில்லு வயிற்றில் குத்தியதில் உயிரிழந்தார்.

சாதாரணக் கண்ணாடி கத்தி போல நீண்ட சில்லுகளாகப் பிளக்கும். சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்த ‘டஃபன்டு’ கண்ணாடியோ கற்கண்டு போலச் சிறுசிறு துண்டுகளாக உதிரும். அதிலும் கீறல் விழும், ஆனால் ஆழமாகக் குத்துவது அரிது. ஆகவே தரையில் கிடக்கும் துண்டின் வடிவமே முக்கியமான சாட்சி. துடைப்பம் வருவதற்குள் படம் எடுத்துவிட வேண்டும்.

கிளை மேலாளரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவது போதாது. நாள், நேரம், எந்தக் கதவு, தள்ளும்போதா இழுக்கும்போதா உடைந்தது, எங்கே வெட்டியது என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் கையொப்பமும் வாங்குங்கள். சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கும்படி அதே கடிதத்தில் கேளுங்கள். பழைய பதிவின் மேல் புதியது தானாகவே ஏறிவிடும். மருத்துவரிடமும் காயம் எப்படி ஏற்பட்டது என்று சொல்லிப் பதியவையுங்கள். ‘கை வெட்டு’ என்று மட்டும் எழுதிய சீட்டில் வங்கியின் கதவே இருக்காது.

இழப்பீடு மறுக்கப்பட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.