மாம்பழ வாசனைக்கு எத்தனை கிராம்?

ஜிம் பக்கத்துக் கடைகளில் கிரியேட்டின் டப்பாக்கள் மாம்பழம், தர்பூசணி, புளூபெர்ரி என்று பல சுவைகளில் அடுக்கியிருக்கும். ஓரத்தில் எந்தச் சுவையும் இல்லாத வெள்ளைப் பொடி ஒன்றும் இருக்கும். இரண்டிலும் தசைக்கு வேலை செய்வது கிரியேட்டின் மோனோஹைட்ரேட் என்ற ஒரே பொருள்தான்.

வித்தியாசம் கரண்டியில் தெரியும். 250 கிராம் டப்பா இரண்டை எடுத்துக்கொள்வோம். சுவையற்றதில் ஒரு கரண்டி 3 கிராம், அத்தனையும் கிரியேட்டின். எண்பது நாளுக்கு மேல் வரும். சுவையூட்டியதில் ஒரு கரண்டி 6 கிராம், அதில் கிரியேட்டின் 3 கிராம்தான் என்றால், நாற்பத்தோரு நாளில் டப்பா காலி. விலை ஒன்றாக இருந்தாலும், நாம் கொடுப்பது இரு மடங்கு.

மீதி 3 கிராமில் என்ன இருக்கிறது? புளிப்புக்கு சிட்ரிக் அமிலம் (INS 330), இனிப்புக்கு சுக்ரலோஸ் (955), அசிசல்ஃபேம் பொட்டாசியம் (950), கட்டி பிடிக்காமலிருக்க சிலிக்கான் டை ஆக்சைடு (551), பிறகு நிறம், வாசனை. அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது மால்டோடெக்ஸ்ட்ரின். இது மாவுச்சத்திலிருந்து எடுக்கும் மலிவான நிரப்புப் பொருள். அவ்வளவாக இனிக்காது. 'சர்க்கரை' வரியில் பெரும்பாலும் தெரியாமல் 'கார்போஹைட்ரேட்' வரியில் நிற்கும். ஆனால் ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். நீரிழிவு உள்ளவர்கள் இந்தப் பெயரைத் தேடிப் பார்க்க வேண்டும்.

சர்க்கரை சேர்ந்தால் கிரியேட்டின் நன்றாக ஏறும் என்று கடைக்காரர் சொல்வார். அதற்கு ஓர் ஆதாரம் உண்டு. 1996இல் வெளியான ஆய்வில், 5 கிராம் கிரியேட்டினோடு சுமார் 93 கிராம் சர்க்கரைச்சத்து கொடுத்தபோது தசையில் அதிகம் தங்கியது. அதுவும் ஒரு நாளைக்கு நான்கு வேளை. டப்பாவிலுள்ள இரண்டு மூன்று கிராமுக்கு அந்த வேலை நடக்காது. சர்க்கரையே இல்லாமல் தினமும் 3 கிராம் எடுத்தாலும், ஏறக்குறைய நான்கு வாரத்தில் தசை நிரம்பிவிடும்.

வெள்ளைப் பொடியின் குறை, குளிர்ந்த நீரில் சரியாகக் கரையாததுதான். டம்ளர் அடியில் மணல் போலத் தங்கும். வெதுவெதுப்பான நீரில் கலக்கினால் நன்றாகக் கரையும். அப்படியும் தங்கினால் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுழற்றிக் குடித்துவிடலாம். எலுமிச்சைச் சாற்றில் கலந்தால் உடனே குடியுங்கள். புளிப்பான கரைசலில் நாள்கணக்கில் வைத்தால் கிரியேட்டின் மெல்ல கிரியாட்டினினாக மாறி வீணாகும். உலர்ந்த பொடிக்கு அந்தக் கவலை இல்லை.

சுவை இல்லாவிட்டால் தினமும் குடிக்கவே மாட்டீர்கள் என்றால் சுவையுள்ளதையே வாங்குங்கள். ஆனால் பணம் கொடுக்குமுன் டப்பாவைத் திருப்பி, ஒரு கரண்டி எத்தனை கிராம், அதில் கிரியேட்டின் எத்தனை கிராம் என்று பாருங்கள். இரண்டாவது எண் போடாமல் 'கலவை' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த டப்பாவைத் திரும்ப வைத்துவிடுங்கள்.