பி.டி.எஃப்.பை ஸ்லைடாக மாற்றும் முன் ஒரு வரியை காப்பி செய்து பாருங்கள்

பி.டி.எஃப். கோப்பைக் கொடுத்தால் பவர்பாயிண்டாக மாற்றித் தரும் மென்பொருள்கள் நிறைய இருக்கின்றன. அக்ரோபேட் புரோவிலும் இந்த வசதி உண்டு. மாற்றிய ஸ்லைடு பார்வைக்கு மூலத்தைப் போலவே இருக்கும். திருத்தத் தொடங்கினால்தான் சிக்கல் தெரியும்.

பெரும்பாலான பி.டி.எஃப்.களில் எந்த எழுத்து பக்கத்தில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் பதிவாகியிருக்கும். எது பத்தி, எது அட்டவணை என்ற குறிப்பு இருக்காது. மாற்றும் மென்பொருள் அதை ஊகித்துக்கொள்கிறது.

முதலில் ஒரு சோதனை

மாற்றுவதற்கு முன், பி.டி.எஃப்.பில் ஒரு தமிழ் வரியை காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். வரி சரியாக வந்தால் தொடரலாம். ‘கொடி’ என்பது ‘ெகாடி’ என்று கொம்பு முன்னே பிரிந்து வந்தால், ஸ்லைடிலும் அப்படியே வர வாய்ப்பு அதிகம். ‘தமிழ்’ என்ற இடத்தில் `jkpo;` என்று வந்தால், மூலம் பாமினி எழுத்துருவில் தட்டச்சானது. அதை எழுத்துரு மாற்றியில் கொடுத்து யூனிகோடாக்க வேண்டும்.

எழுத்தைத் தேர்வு செய்யவே முடியாவிட்டால், அது பெரும்பாலும் ஸ்கேன் செய்த படம். கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்துகளைப் படித்துத் தரும். ஆனாலும் மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

மாற்றிய பிறகு

தலைப்பு, நான்கு வரிப் பத்தி, அட்டவணை, பட்டை வரைபடம் கொண்ட ஒரு பாடப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். பத்தி பெரும்பாலும் நான்கு தனித்தனிப் பெட்டிகளாக வரும். முதல் வரியில் ஒரு சொல்லைச் சேர்த்தால், கடைசிச் சொல் அடுத்த பெட்டிக்கு நகராது. நான்கையும் ஒரே பெட்டியில் ஒட்டி, வரி முடிவுகளில் விழுந்த என்டர்களை நீக்க வேண்டும்.

அடுத்து Outline View-ஐத் திறந்து பாருங்கள். ஸ்லைடில் தெரியும் தலைப்பு அங்கே இல்லை என்றால், அது உண்மையான தலைப்பு அல்ல, வெறும் பெட்டி. அப்படியிருந்தால் ஸ்லைடுகள் அனைத்தின் தலைப்பு எழுத்துருவையும் ஒரே இடத்தில் மாற்ற முடியாது. புதிய கோப்பில் ‘Title and Content’ ஸ்லைடு எடுத்து அதில் ஒட்டுவதே எளிது.

அட்டவணையைக் கிளிக் செய்ததும் மேலே Table Design வந்தால் அது அட்டவணைதான். வராவிட்டால் அவை தனித்தனிக் கோடுகளும் எழுத்துகளும். புதிதாக அட்டவணை போட்டுவிடுங்கள்.

வரைபடத்தில் Edit Data கிடைக்காது. வரைபடத்துக்குப் பின்னால் இருந்த எண்கள் பொதுவாக பி.டி.எஃப்.புக்குள் வருவதில்லை. பட்டைகளின் மேல் எண்கள் அச்சாகியிருந்தால் அவற்றைக் கொண்டு திரும்ப வரையலாம். இல்லாவிட்டால், கோப்பைத் தயாரித்தவரிடம் மூல பவர்பாயிண்டையோ எக்செல்லையோ கேட்டு வாங்குவதே சரியான வழி.