சைனஸ் ரிதம் என்றால் எல்லாம் சரியா?

நெஞ்சில் பாரம், லேசாக வியர்வை. கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்ச்சில் 30 விநாடி ஈசிஜி எடுத்தால் 'சைனஸ் ரிதம்' என்று வருகிறது. ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போட இது போதும் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். ஆனால் மாரடைப்போடு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அந்த நேரத்திலும் சைனஸ் ரிதம்தான் இருக்கும். இதயம் முறை தவறாமல் துடிக்கிறது என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்குப் பொருள் கிடையாது.

வாட்ச்சின் அடிப்பக்கம் இடது மணிக்கட்டைத் தொடுகிறது; பக்கவாட்டுத் திருகில் வலது கை விரலை வைக்கிறோம். இரண்டு கைகளுக்கும் இடையே நொடிக்கு நொடி மாறும் மின்னழுத்த வேறுபாட்டைத்தான் அது கோடாக வரைகிறது. டாக்டர்கள் இதை 'லீட் 1' என்பார்கள். நெதர்லாந்தின் ஐந்தோவன் உப்புநீர்ப் பாத்திரங்களில் நோயாளியின் கைகளை முக்கிவைத்துப் பதிவு செய்தாரே, அதே பார்வைதான். அந்த வேலைக்கு 1924-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஃபோனில் பிடிஎஃப் ஆகச் சேமித்துப் பார்த்தால் கட்டம் போட்ட தாளில் பதிவு தெரியும். ஒரு பெரிய கட்டம் 0.2 விநாடி. ஒவ்வொரு துடிப்பிலும் முதலில் சிறு மேடு, பி அலை: இதயத்தின் மேல் அறைகள் சுருங்கத் தூண்டப்படுவது. அடுத்து கூரான கியூஆர்எஸ் முனை, கீழ் அறைகளுடையது. கடைசியில் தணிந்து வரும் டி அலை. பதிவைப் படிக்கும் டாக்டர் முதலில் பார்ப்பது முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை. அடுத்து, ஒவ்வொரு முனைக்கும் முன்னால் பி அலை இருக்கிறதா என்று.

ஓர் உதாரணப் பதிவில் 30 விநாடிக்குள் 52 முனைகள் என்று வைத்துக்கொள்வோம். இரட்டித்தால் நிமிடத்துக்கு 104. இடைவெளிகளை அளந்தால் 2 கட்டம், மூன்றரை, இரண்டரை, 4, மறுபடி 2. எந்த ஒழுங்கும் இல்லை. பி அலையும் காணோம், அடிக்கோடு சன்னமாக நடுங்குகிறது. இது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மேல் அறைகள் சுருங்காமல் துடிதுடிக்கும் நிலை. அங்கே ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். வாட்ச் பிடிப்பதற்கென்றே அமைந்த கோளாறு இதுதான்.

இன்னொரு பதிவில் இடைவெளி சீராக 4, 4, 4 என்று போகிறது. திடீரென இரண்டரைக் கட்டத்திலேயே அகலமான ஒரு முனை குதிக்கிறது; அதற்கடுத்தது வர ஐந்தரைக் கட்டம் ஆகிறது. இரண்டையும் கூட்டினால் 8, அதாவது வழக்கமான இரண்டு துடிப்புகளின் நேரம். கீழ் அறையிலிருந்து அவசரப்பட்டு வந்த ஒற்றைத் துடிப்பு இது, ஆரோக்கியமானவர்களுக்கும் வரும். இப்படி நிறைய வந்தால் வாட்ச் குழம்பி 'முடிவு சொல்ல முடியவில்லை' என்றோ, தவறாக ஃபிப்ரிலேஷன் என்றோ சொல்லக்கூடும். கை நடுங்கினாலும் பட்டை தளர்ந்திருந்தாலும் அடிக்கோடு கலைந்து பி அலை மறைந்துபோகும். கையை மேஜைமேல் ஊன்றிக்கொண்டு இன்னொரு முறை எடுப்பது நல்லது. வாட்ச்சைக் கை மாற்றிக் கட்டி, செட்டிங்கில் அதைச் சொல்லாமல் விட்டால் பதிவே தலைகீழாக வரும். பி அலையும் கீழ்நோக்கித் தொங்கினால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சரி, மாரடைப்பு ஏன் தெரிவதில்லை? ரத்தம் கிடைக்காத தசையின் அடையாளம் முனைக்கும் டி அலைக்கும் நடுவில் உள்ள எஸ்டி பகுதியில் தெரியும். ஆனால் எந்தச் சுவர் பாதிக்கப்பட்டதோ அதை நோக்கியிருக்கும் லீடில்தான் அது உயர்ந்து காட்டும். ஆஸ்பத்திரியில் கைகால்களில் 4, மார்பில் 6 என ஒயர்கள் வைத்து 12 கோணங்களில் பார்ப்பது இதற்காகத்தான். வாட்ச்சின் பார்வை கைக்குக் கை, கிடைமட்டமாக. இதயத்தின் அடிச்சுவரில் மாரடைப்பு என்றால் காலோடு சேர்த்து எடுக்கும் லீடுகளில் எஸ்டி உயரும். லீட் 1-இல் அது சற்றுத் தாழ்ந்திருக்கலாம், அவ்வளவுதான். முன்சுவர் என்றால் மார்பு லீடுகள் வேண்டும். தவிர, வாட்ச்சின் மென்பொருள் துடிப்பின் ஒழுங்கை வைத்துத்தான் பெயர் சொல்கிறது. எஸ்டியை வைத்து மாரடைப்பைத் தேடுவதில்லை.

12 லீட் ஈசிஜியிலும் தெரியாத மாரடைப்புகள் உண்டு. அதனால்தான் நெஞ்சுவலி என்று போனால் சற்று நேரம் விட்டு மறுபடி ஈசிஜி எடுக்கிறார்கள். ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் செய்கிறார்கள். ரத்தக்குழாய் அடைப்பு, வால்வுக் கோளாறு எதையும் வாட்ச் சொல்லாது.

படபடப்பு வந்து பத்து நிமிடத்தில் போய்விடுகிறவர்களுக்கு நிலைமை வேறு. அவர்கள் டாக்டரிடம் போய்ச் சேரும்போது ஈசிஜி சுத்தமாக இருக்கும். படபடக்கும் அந்த நேரத்திலேயே வாட்ச்சில் எடுத்த 30 விநாடிப் பதிவை, அது என்ன பெயர் சொல்லியிருந்தாலும், அப்படியே டாக்டரிடம் காட்டலாம். அவர் பெயரை விட்டுவிட்டுக் கோட்டைத்தான் பார்ப்பார்.