பாரிஸ் கடைக்குப் போகும் குண்டு வத்தல்

பாரிஸ் நகரின் வடக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால் லா சப்பேல் என்ற பகுதி இருக்கிறது. ரயிலை விட்டு இறங்கி நடந்தால் தமிழ்ப் பலகை மாட்டிய மளிகைக் கடைகள் வரிசையாக வரும். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து போனவர்கள்தான் அங்கே அதிகம். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற புதுச்சேரிக் குடும்பங்களும் பாரிஸில் உண்டு. இந்த இரண்டு கூட்டத்தையும் நம்பி சரக்கு இறக்கும் ஒரு இறக்குமதியாளருக்கு முதலில் வரும் கேள்வி, எதை விற்பது என்பதல்ல. எந்தக் குடும்பத்துக்கு 'இது நம் கடை' என்று தோன்ற வேண்டும் என்பதுதான். வணிகத்தில் இதைப் 'பொசிஷனிங்' என்பார்கள்.

'எல்லா இந்தியப் பொருளும் கிடைக்கும்' என்று பலகை வைத்தால், பக்கத்துக் கடையிலும் அதே துவரம் பருப்பு, அதே கோதுமை மாவு இருக்கும். பத்து சென்ட் குறைத்தவன் பக்கம் கூட்டம் போய்விடும். 'தமிழ்க் கடை' என்று மட்டும் சொன்னாலும் போதாது. யாழ்ப்பாணத்துக்காரருக்குச் சிவப்புப் பச்சரிசியும் வறுத்து அரைத்த கறித்தூளும் வேண்டும். புதுச்சேரிக்காரர் வடகமும் இட்லி அரிசியும் தேடுவார். ஒருவர் வத்தல் என்பதை மற்றவர் செத்தல் மிளகாய் என்பார். இரண்டு பெயரையும் பாக்கெட்டில் அச்சிடுவது சின்ன வேலைதான். ஆனால் கடைக்காரருக்கு நம் சமையல் தெரியும் என்று வாங்குபவர் அதிலேயே புரிந்துகொள்வார்.

பெரிய நிறுவனங்கள் கொண்டு வராத ஒரு பொருளை ஊர்ப் பெயரோடு விற்பது இன்னொரு வழி. ராமநாதபுரம் குண்டு மிளகாய் அதற்குப் பொருத்தமானது. 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. உருண்டையாக, தோல் தடிமனாக இருக்கும் இந்த வத்தலைத் தாளிப்பில் போட்டால் உப்பி நிற்கும். அதை உண்டு வளர்ந்தவர் நீள வத்தலைக் கொடுத்தால் வாங்க மாட்டார்.

கணக்காகப் பார்ப்போம். ஒரு இறக்குமதியாளர் 500 கிலோ குண்டு வத்தலை 200 கிராம் பாக்கெட்டாகப் போட்டால் 2,500 பாக்கெட் வரும். தாளிப்புக்கு மட்டும் பயன்படுத்தும் வீட்டில் ஒரு பாக்கெட் மாதக்கணக்கில் ஓடும். வாரம் 50 பாக்கெட் விற்றால் தீர 50 வாரம் ஆகும். ஆக, வத்தலை மட்டும் வைத்துக் கடை நடத்த முடியாது. வருமானம் அரிசியிலும் பருப்பிலும்தான். அந்த அரிசியை வேறு கடையில் வாங்காமல் இங்கே வந்து வாங்க வைப்பது வத்தல். இதைப் புரிந்துகொள்ளாமல் முதல் தடவையே ஐந்து டன் இறக்கினால், நிறம் மங்கிய சரக்கை அடிவிலைக்குத் தள்ள வேண்டிவரும்.

முழு வத்தலாக விற்பதற்கும் காரணம் உண்டு. 2003-ல் இந்திய மிளகாய்த்தூளில் சூடான் என்ற சாயம் கலந்திருந்ததை ஐரோப்பாவில் முதலில் அறிவித்த நாடே பிரான்ஸ்தான். தூளில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. முழு வத்தலை வாங்குபவரே பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் பூஞ்சை நஞ்சு கண்ணுக்குத் தப்பிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் மிளகாய் வத்தலுக்கு அஃப்ளாடாக்சின் பி1 அளவு கிலோவுக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது. ஒரு டன் வத்தலில் 5 மில்லிகிராம், அவ்வளவுதான். குண்டு மிளகாய்க்குப் பெருமை தரும் தடித்த தோலே இங்கே வினையாகிறது. வெளித்தோல் காய்ந்த பிறகும் விதையைச் சுற்றி ஈரம் நிற்கும். வெறும் மண்ணில் காயப்போட்டு, இரவில் பனியில் விட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். எடை நிற்கவும் வத்தல் நொறுங்காமல் இருக்கவும் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. உள்ளூர்ச் சந்தையில் அது செல்லுபடியாகலாம். கப்பலில் வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும் மூட்டையில் அது கேடு.

சிமென்ட் களத்திலோ தார்ப்பாயிலோ மெல்லிய அடுக்காகப் பரப்பி, பகலில் கிளறி, மாலையில் குவித்து மூட வேண்டும். ஈரம் 10 சதவீத அளவுக்கு இறங்க வேண்டும். குலுக்கினால் விதை கலகலக்க வேண்டும். குவியலின் பல இடங்களிலிருந்து இருபது வத்தலை எடுத்து உடைத்துப் பார்க்கலாம். உள்ளே விதைமேல் சாம்பல் நிறமோ கருமையோ தெரிந்தால் அந்தக் குவியலைத் தனியே ஒதுக்கிவிடுவதே நல்லது. உடைத்துப் பார்த்ததில் சுத்தமாக இருந்தாலும் ஏற்றுமதிக்கு முன் ஆய்வகச் சோதனை கட்டாயம் வேண்டும்.

பத்து விவசாயிகளின் சரக்கை ஒன்றாகக் கொட்டிவிட்டால், ஒருவருடைய ஈர வத்தல் 500 கிலோவையும் துறைமுகத்தில் நிறுத்திவிடும். யார் சரக்கு காரணம் என்று பிறகு கண்டுபிடிக்கவும் முடியாது. அதனால் விவரம் தெரிந்த இறக்குமதியாளர் மூட்டைக்கு மூட்டை எண் கேட்பார். விவசாயி பெயர், காயவைத்த தேதி, களம் எது என்ற மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தோடுதான் அவர் பேச உட்காருவார். பாக்கெட்டில் 'ராமநாதபுரம்' என்று அச்சிட்டுவிட்டு வேறு மாநிலச் சரக்கை நிரப்பினால், அந்த ஊரில் பிறந்து லா சப்பேலில் வாழும் அம்மா ஒரே தாளிப்பில் கண்டுபிடித்துவிடுவார். அடுத்த வாரம் அரிசிக்கும் அவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்.