இலவச டெலிவரிக்கு எவ்வளவு வாங்க வேண்டும்?

"இனி 4,500 ரூபாய்க்கு மேல் வாங்கினால்தான் டெலிவரி இலவசம்." மளிகை மொத்தக் கடையிலிருந்து இப்படியொரு அறிவிப்பு வந்தால் பெட்டிக்கடைக்காரருக்குக் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் அந்தத் தொகைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

மினி வேனுக்கு டீசல், டிரைவர் சம்பளம், சுமை இறக்கும் கூலி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 1,800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இருபது கடைகளுக்குப் போனால் கடைக்கு 90 ரூபாய். மொத்த வியாபாரிக்கு நூற்றுக்கு நான்கு ரூபாய்தான் லாபம் என்றால், 2,250 ரூபாய் சரக்கின் லாபம் முழுவதையும் வேனே தின்றுவிடும். லாபத்தில் பாதியாவது மிஞ்ச வேண்டுமானால் 4,500 வேண்டும்.

தகராறு வருவது வேறு இடத்தில். கடைக்காரர் 4,700 ரூபாய்க்குச் சொல்லியிருப்பார். துவரம்பருப்பு இருப்பில்லாமல் பில் 4,100 ஆகிவிடும். அதற்கு 90 ரூபாய் கேட்பது அநியாயம். சொன்ன ஆர்டரைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். அந்தத் தொகை ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்பதையும் அறிவிப்பிலேயே எழுதிவிட வேண்டும். வாரம் இருமுறை 2,500 ரூபாய்க்கு வாங்குபவர், ஒரே முறையாக 5,000 ரூபாய்க்கு வாங்கினால் கட்டணமே இல்லை. வைக்க இடமும் கையில் பணமும் இருந்தால்.