கடைசி 15 சதவீதம் ஏன் மெதுவாக ஏறுகிறது?

லேப்டாப் பேட்டரிகளின் உறைக்குள் வரிசையாக அடுக்கியிருக்குமே, அந்த உருளை வடிவ லித்தியம் அயனி செல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். குறுக்களவு 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர். 18650 என்ற அதன் பெயரே இந்த அளவிலிருந்து வந்ததுதான். நம் செல்லின் கொள்ளளவு 2600 மில்லி ஆம்பியர்-மணி. பயன்படுத்தித் தீர்ந்து, 3 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கிறது. அதைச் சார்ஜரில் இணைத்து, மின்னோட்டத்துக்கு ஒரு மீட்டரும் மின்னழுத்தத்துக்கு ஒரு மீட்டருமாக இரண்டை மாட்டிவிட்டுக் கவனிப்போம்.

முதலில் மின்னோட்ட மீட்டர் 1.3 ஆம்பியரில் அசையாமல் நிற்கும். மின்னழுத்த மீட்டர் மட்டும் ஏறும்: தொடக்கத்தில் வேகமாக, பிறகு நிதானமாக. ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் அது 4.2 வோல்ட்டைத் தொடும். அந்தக் கணத்தில் இரண்டு மீட்டர்களும் வேலையை மாற்றிக்கொள்ளும். இப்போது மின்னழுத்தம் 4.2-இல் உறைந்து நிற்கும், மின்னோட்டம் 1.3-இலிருந்து இறங்கத் தொடங்கும். முதலில் மளமளவென்று, போகப் போக மெதுவாக. 0.13 ஆம்பியருக்கு வந்ததும் சார்ஜர் தன்னை அணைத்துக்கொள்ளும்.

முதல் கட்டத்துக்கு மாறா மின்னோட்டம் என்று பெயர், இரண்டாவதற்கு மாறா மின்னழுத்தம் என்று பெயர். கைபேசியிலிருந்து மின்சார ஸ்கூட்டர் வரை லித்தியம் பேட்டரிகளின் சார்ஜர்களுக்கு அடிப்படை இந்த இரண்டு கட்டங்கள்தான். ஒரே முறையில் ஏன் முடிக்க முடியவில்லை?

சார்ஜரால் செல்லின் உள்ளே எட்டிப்பார்க்க முடியாது என்பதுதான் காரணம். அதற்குத் தெரிவது முனைகளில் தென்படும் மின்னழுத்தம் மட்டும். சார்ஜ் ஏறும்போது அந்த எண்ணில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, செல் உண்மையில் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதைக் காட்டும் உள் மின்னழுத்தம். மற்றொன்று, மின்னோட்டத்தை உள்ளே தள்ளுவதற்கு ஆகும் கூடுதல் அழுத்தம்.

வயலுக்கு நீர் பாய்ச்சுவதை நினைத்துப் பாருங்கள். மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டினால் மடையருகே நீர் மட்டம் சீக்கிரம் உயர்ந்துவிடும். வயலின் மறுகோடி இன்னும் அந்த மட்டத்துக்கு வந்திருக்காது. மடையருகே நீர் வரப்பின் விளிம்பைத் தொட்டுவிட்டது என்பதால் வயல் நிறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அதற்காக அதே வேகத்தில் விட்டுக்கொண்டே இருந்தால் வரப்பு உடையும். விவரம் தெரிந்தவர் மடையை மெல்ல மெல்ல அடைத்து, விளிம்பளவு மட்டம் குறையாமலும் கூடாமலும் பார்த்துக்கொள்வார். அந்த மட்டத்தை வைத்திருக்க நீரே தேவைப்படவில்லை என்ற நிலை வரும்போது வயல் முழுவதும் ஒரே மட்டமாகிவிட்டது என்று பொருள். மடையருகே உள்ள மட்டம்தான் முனை மின்னழுத்தம். வரப்பின் உயரம் 4.2 வோல்ட்.

நம் செல்லுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உள்ளே லித்தியம் அயனிகள் நகர்ந்து இடம்பிடிக்க எதிர்ப்படும் தடைகளையெல்லாம் சேர்த்து, எளிமைக்காக 0.1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 1.3 ஆம்பியரைத் தள்ள 0.13 வோல்ட் கூடுதலாக வேண்டும். எனவே முனைகளில் 4.2 வோல்ட் தெரியும் நேரத்தில் உள்ளே இருப்பது 4.07 வோல்ட்தான், அதாவது சுமார் 85 சதவீதம். மின்னோட்டம் குறையக் குறைய இந்த இடைவெளியும் சுருங்குகிறது. 0.13 ஆம்பியரில் அது 0.013 வோல்ட்டாகிவிடும். சார்ஜரை அணைக்க மின்னோட்டத்தைப் பார்ப்பதன் காரணம் இதுதான்: முனை மின்னழுத்தம் உண்மையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதற்கு அந்த மின்னோட்டமே அளவுகோல்.

ஒரு கட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? மாறா மின்னழுத்தத்தை மட்டும் வைத்து, தீர்ந்துபோன செல்லுக்கு எடுத்த எடுப்பிலேயே 4.2 வோல்ட் கொடுத்தால், இடைவெளி 1.2 வோல்ட். அதை 0.1 ஓமால் வகுத்தால் 12 ஆம்பியர். கட்டைவிரல் பருமனுள்ள அந்தச் செல்லுக்குள் 14 வாட்டுக்கு மேல் வெப்பம் கிளம்பும். 1.3 ஆம்பியரில் அந்த வெப்பம் 0.17 வாட்தான்.

மாறா மின்னோட்டத்தை மட்டும் வைத்து, உள் மின்னழுத்தம் 4.2 ஆகும்வரை 1.3 ஆம்பியரைத் தள்ளினால் முனைகளில் 4.33 வோல்ட் வந்துவிடும். அது இரண்டு பக்கமும் கேடு செய்யும். கோபால்ட் ஆக்சைடு நேர்முனை கொண்ட செல்லில், 4.2 வோல்ட்டிலேயே அங்கிருந்த லித்தியத்தில் ஏறக்குறைய பாதி வெளியேறியிருக்கும். அதற்கு மேலும் உருவினால் அதன் அடுக்கமைப்பு தளரும். செல்லுக்குள் இருக்கும் மின்பகுதிரவம் சிதைந்து வாயு உண்டாகும். பேட்டரி உப்பிப்போவது இப்படித்தான். எதிர்முனையில் இருக்கும் கிராஃபைட்டின் அடுக்குகளுக்கு இடையே அயனிகள் நுழைந்து உட்கார நேரம் வேண்டும். உள்ளே போவதைவிட வேகமாக வந்து குவிந்தால், அவை மேற்பரப்பிலேயே லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும். படிந்ததில் ஒரு பங்கு மறுபடி பயன்படாது. ஊசி போல வளர்ந்து இரு முனைகளுக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தாளைத் துளைத்தால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகும். குளிரில் அயனிகள் நுழையும் வேகம் இன்னும் குறையும். அதனால்தான் பெரும்பாலான லித்தியம் செல்களை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது என்கிறார்கள்.

ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு மாறுவதைச் சார்ஜர் எப்படி முடிவு செய்கிறது? ஸ்விட்ச் ஒன்று டக்கென்று மாறுவதாகத் தோன்றலாம். பெரும்பாலான சார்ஜர்களில் அப்படி எதுவும் இல்லை. இரண்டு காவலர்கள் தொடக்கத்திலிருந்தே விழித்திருக்கிறார்கள். ஒருவர் மின்னோட்டத்தைக் கவனிக்கிறார். எப்போது கேட்டாலும் 1.3 ஆம்பியர் விடலாம் என்பார். மற்றவர் மின்னழுத்தத்தைக் கவனிக்கிறார்; 4.2-க்கு இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை வைத்து இத்தனை ஆம்பியர் விடலாம் என்பார். இருவரில் யார் குறைவாகச் சொல்கிறாரோ அவர் சொல்லே நடக்கும். செல் காலியாக இருக்கும்போது மின்னழுத்தக் காவலர் மிக அதிகமாகக் கேட்பார், எனவே மின்னோட்டக் காவலரின் 1.3 செல்லும். 4.2-ஐ நெருங்கும்போது மின்னழுத்தக் காவலரின் எண் இறங்கி, 1.3-ஐத் தாண்டிக் கீழே போகும் கணத்தில் பொறுப்பு தானாகக் கைமாறும். குறுக்கே ஏதாவது நேர்ந்து மின்னழுத்தம் சரிந்தால், அதே வழியில் மின்னோட்டக் காவலரிடம் பொறுப்பு திரும்பிவிடும்.

இந்த வடிவமைப்பில் தெரியாமல் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கட்டுப்பாட்டுச் சுற்றுகள் பிழையை அந்தந்த நேரத்தில் பார்ப்பதோடு நிற்காமல், கடந்துபோன பிழையையும் கூட்டி நினைவில் வைத்துக்கொள்ளும். அப்போதுதான் மின்னழுத்தம் துல்லியமாக 4.2-இல் நிற்கும். ஆனால் முதல் ஒன்றேமுக்கால் மணி நேரமும் மின்னழுத்தக் காவலரின் பேச்சு எடுபடுவதில்லை. போதவில்லை, இன்னும் விடு என்று அவர் கூட்டிக்கொண்டே போன கணக்கு மலையாகக் குவிந்திருக்கும். 4.2-ஐத் தொடும்போது அவர் உடனே எண்ணைக் குறைக்க முடியாது. அந்தக் குவியல் கரைய வேண்டும். அது கரைவதற்குள் மின்னழுத்தம் 4.2-ஐத் தாண்டிப் போய்விடும். அலைகாட்டியில் பார்த்தால் கைமாறும் இடத்தில் ஒரு திமில் போலத் தெரியும். இதற்கு மருந்து எளிது: ஒருவர் சும்மா இருக்கும் வரை அவருடைய நினைவுக் கணக்கு, உண்மையில் ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டத்தைவிட அதிகம் மேலே போகாதபடி பிடித்து வைக்க வேண்டும்.

இப்போது நேரக் கணக்குக்கு வருவோம். 1.3 ஆம்பியரில் முதல் 85 சதவீதம் ஏற 1 மணி 42 நிமிடம். இரண்டாம் கட்டத்தில் இடைவெளி சுருங்கினால் மின்னோட்டம் குறைகிறது. மின்னோட்டம் குறைந்தால் இடைவெளி சுருங்குவதும் மெதுவாகிறது. நம் செல்லில் மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைய சுமார் 46 நிமிடம் ஆகும். மொத்தம் இரண்டரை மணி நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கடைசி 15 சதவீதத்துக்கே போய்விடுகிறது. அந்தச் செல் தாங்கும் என்றே வைத்துக்கொண்டு, மின்னோட்டத்தை 2.6 ஆம்பியராக இரட்டித்தால் நேரம் பாதியாகுமா? ஆகாது. தள்ளுவதற்கான அழுத்தமும் 0.26 வோல்ட்டாக இரட்டித்துவிடும். 68 சதவீதத்திலேயே 4.2 வந்துவிடும். முதல் கட்டம் 41 நிமிடத்தில் முடியும், அதே 0.13 ஆம்பியர் வரை இறங்க அடுத்த கட்டத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். விரைவு சார்ஜர் விளம்பரங்களில் பாதி அளவு ஏறும் நேரத்தைப் பெரிதாகச் சொல்வதன் பின்னணி இதுதான்.

பேட்டரிக்கு வயதாவதையும் இதே கணக்கு காட்டிக்கொடுக்கும். பயன்படப் பயன்பட உள்தடை கூடும். 0.1 ஓம் 0.2 ஓம் ஆனால், 1.3 ஆம்பியரிலேயே 68 சதவீதத்தில் முதல் கட்டம் முடிந்து, இரண்டாம் கட்டம் ஒன்றரை மணி நேரம் இழுக்கும். கொள்ளளவும் குறைந்திருக்கும். மீட்டரில் முதல் கட்டம் சுருங்கி இரண்டாம் கட்டம் நீள்வதைக் கண்டால் செல் தளர்ந்துவிட்டது என்று புரிந்துகொள்ளலாம். முடிவுகட்டும் முன் கம்பியையும் இணைப்பையும் பாருங்கள். மெல்லிய கம்பியின் தடையும் சார்ஜரின் கண்ணுக்கு உள்தடையாகவே தெரியும். தடித்த கம்பி போட்டதும் முதல் கட்டம் நீண்டால் குற்றம் செல்லில் இல்லை.

சொந்தமாகச் சுற்று அமைப்பவர்கள் அடிக்கடி சந்திக்கும் இன்னொரு குழப்பம், சிவப்பு விளக்கு அணையவே அணையாதது. டிபி 4056 போன்ற சிப் உள்ள சிறிய சார்ஜர் பலகைகள், அமைத்த மின்னோட்டத்தில் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கியதும் அணைந்துவிடும். 1 ஆம்பியருக்கு அமைத்திருந்தால் 0.1 ஆம்பியரில். சார்ஜ் ஆகும்போதே அதே முனைகளில் 0.15 ஆம்பியர் இழுக்கும் விளக்கு ஒன்றை இணைத்துவிட்டால், செல் நிறைந்த பிறகும் சார்ஜர் 0.15-ஐக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அது விளக்குக்குப் போகிறதா, செல்லுக்குப் போகிறதா என்று அதற்குப் பிரித்தறியத் தெரியாது. செல் இரவெல்லாம் 4.2 வோல்ட்டிலேயே நிறுத்தப்பட்டிருக்கும். இன்வெர்ட்டரின் ஈய அமில பேட்டரிக்கு இப்படித் தொடர்ந்து சிறிது மின்சாரம் கொடுத்துக்கொண்டிருப்பது சரி. லித்தியம் செல் உச்ச அழுத்தத்தில் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அதன் ஆயுளில் கழிகிறது. செல்லுக்குப் போகும் பாதையையும் கருவிக்குப் போகும் பாதையையும் தனித்தனியாக்குவதுதான் இதற்குத் தீர்வு.

ஆகவே 85-இல் வேகம் குறையும்போது சார்ஜர் சோர்ந்துவிட்டதாக எண்ண வேண்டாம். மடையருகே நீர் விளிம்பைத் தொட்டுவிட்டது, மறுகோடிக்காக அது மடையை அடைத்துக்கொண்டிருக்கிறது. அவசரமென்றால் அந்த நேரத்தில் கழற்றிவிட்டுக் கிளம்பலாம். செல்லுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. உச்சத்தில் அது நிற்கும் நேரம் சற்றுக் குறையும், அவ்வளவுதான்.