டிசம்பர் 24-இல் எட்டு கேக்தான்!

கிறிஸ்துமஸ் நெருங்கியதும் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரி அறிவிப்புகள் வரத் தொடங்கும். ‘ஸ்பெஷல் ஆஃபர்! பிளம் கேக் 20% தள்ளுபடி! இன்றே முந்துங்கள்!’ அதற்குக் கீழே வரிசையாகக் கேள்விகள். முட்டை இல்லாமல் கிடைக்குமா? எத்தனை கிலோ? ரம் சேர்ப்பீர்களா? எப்போது கைக்கு வரும்? அறிவிப்பு எழுதியவர் அடுப்பை விட்டுவிட்டு போனும் கையுமாக உட்கார வேண்டியதுதான்.

அறிவிப்பின் வாசகத்தை எழுதுவதற்கு முன் பார்க்க வேண்டியது அடுப்பை.

கணக்குக்காக, கோவையில் ஓர் அடுக்ககத்தில் 30 லிட்டர் ஓ.டி.ஜி. அடுப்பு ஒன்றை வைத்துக் கேக் விற்கும் பெண்ணை எடுத்துக்கொள்ளலாம். அரைக் கிலோ டின் இரண்டுதான் ஒரு சமயத்தில் உள்ளே போகும். பிளம் கேக்கைக் குறைந்த சூட்டில் நிதானமாக வேகவிட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாவு கலக்குவது, டின் கழுவுவது எல்லாம் சேர்த்தால் ஓர் ஈடுக்கு ஒன்றரை மணி நேரம். வீட்டு வேலைக்கு நடுவே நாளுக்கு நான்கு ஈடு, அதாவது எட்டு கேக். நாற்பது கேக் வேண்டுமென்றால் ஐந்து நாள்.

இப்போது அந்த 20 சதவீதத்தைப் பார்க்கலாம். அரைக் கிலோ கேக்கின் விலை 400 ரூபாய். பழம், முந்திரி, வெண்ணெய், பெட்டி, மின்சாரம் எல்லாம் சேர்ந்து 240 போனால், கையில் நிற்பது 160. தள்ளுபடி 80 ரூபாய் என்றால் லாபத்தில் சரிபாதி போய்விடுகிறது. அதே பணத்தைப் பார்க்க எண்பது கேக் விற்க வேண்டும். அடுப்போ நாற்பதுக்கு மேல் தராது. அக்கம்பக்கத்தில் இரண்டு மடங்கு ஆர்டர் வந்தாலும் பயனில்லை.

அவருக்கு உண்மையான நெருக்கடி விலையில் இல்லை, தேதியில் இருக்கிறது. எல்லோரும் 24-ஆம் தேதியே கேட்பார்கள். ஆனால் பிளம் கேக் இரண்டு நாள் இருந்தால் பழமும் மசாலாவும் ஊறி இன்னும் சுவை கூடும். ஆகவே சலுகையை, முன்கூட்டியே வாங்கிக்கொள்பவருக்குத் தருவதே சரி. 18, 19-இல் சுடும் 16 கேக்கை 20-ஆம் தேதி வாங்குபவர்களுக்கு வெண்ணெய் பிஸ்கட் 100 கிராம் இலவசம். பாக்கெட்டுக்கு அடக்கம் 30 ரூபாய் என்றால் மொத்தச் செலவு 480. தள்ளுபடி தந்திருந்தால் நாற்பது கேக்கில் 3,200 போயிருக்கும். 20, 21-இல் சுடுவது 22-க்கு; 22-இல் சுடுவது 24-க்கு. மின்வெட்டு வந்தாலோ ஓர் ஈடு நடுவில் அமுங்கிப்போனாலோ சமாளிக்க 23 காலியாக இருக்கட்டும்.

வாசகம் இந்தக் கணக்கிலிருந்து தானே வந்துவிடும். நீளமான செய்தியை வாட்ஸ்அப் பாதியில் மடக்கிவிடும் என்பதால், பொருள், விலை, தேதி மூன்றும் முதலிலேயே வர வேண்டும்.

‘வணக்கம், சி பிளாக்கிலிருந்து எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் பிளம் கேக், அரைக் கிலோ 400 ரூபாய். 15-ஆம் தேதி இரவு 9 மணி வரை பதிவு செய்யலாம். 20-ஆம் தேதி வாங்கிக்கொள்பவர்களுக்கு வெண்ணெய் பிஸ்கட் 100 கிராம் இலவசம். 22-ஆம் தேதியும் தருகிறேன். 24-இல் எட்டு கேக் மட்டுமே. முட்டை சேர்த்தது, சேர்க்காதது இரண்டும் உண்டு. பழங்கள் ஆரஞ்சுச் சாற்றில் ஊறியவை, ரம் இல்லை. மைதா, முந்திரி, பாதாம், பால் சேர்ந்திருக்கிறது. பாதிப் பணம் முன்பணம். எந்த வகை, எந்தத் தேதி என்று எனக்குத் தனியே அனுப்புங்கள்.’

‘தனியே’ என்ற சொல் முக்கியம். குழுவிலேயே ஆர்டர் குவிந்தால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். அட்மினிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதும் நல்லது. பெட்டியில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்கப் பதிவு எண் இருக்க வேண்டும். முட்டை சேர்த்ததற்குப் பழுப்பு முக்கோணம், சேர்க்காததற்குப் பச்சை வட்டம். பெட்டி மாறிப்போனால் ஒரு வீட்டின் நம்பிக்கையே போய்விடும்.

பழைய வாடிக்கையாளருக்கு இதே செய்தியை அப்படியே தட்டிவிடக் கூடாது. ‘அக்கா, போன வருஷம் முட்டை இல்லாதது இரண்டு வாங்கினீங்க. இந்த வருஷமும் எடுத்து வைக்கட்டுமா? 20-ஆம் தேதி சாயங்காலம் வீட்டில் இருப்பீங்களா?’ இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

பதிவு முடியும் நாளில் இரண்டாவது செய்தி: ‘22-ஆம் தேதிக்கு இன்னும் ஆறு கேக் இருக்கிறது.’ ஆறு என்பது நோட்டில் உள்ள எண்ணாகவே இருக்க வேண்டும்.

மூன்றாவது, கேக் கைக்குப் போன அன்று: ‘காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள், பல் வைத்த கத்தியால் நறுக்குங்கள், உதிராது. பொங்கலுக்கு என்ன வேண்டும் என்று ஜனவரி 5-க்குள் சொல்லுங்கள் அக்கா.’